டியூஷன் பேட்ச் நேரமும் ஃபீஸ் தேதியும் மாறும்போது பெற்றோருக்குச் சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் சென்டரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டேன்: "அடுத்த வாரத்திலிருந்து ஏழாம் வகுப்புக்குத் திங்கள் வகுப்பு கிடையாது, அதற்குப் பதில் செவ்வாய்." மறுநாள் திங்கள் மாலை ஒரு பையன் பூட்டிய கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான். விட்டுவிட்டுப் போன அவன் அம்மாவுக்கு "அடுத்த வாரம்" என்றால் வரப்போகிற வாரத்துக்கு அடுத்த வாரம். நான் நினைத்தது மறுநாள் பிறக்கும் வாரம். அவர் படித்ததில் தப்பே இல்லை. எழுதிய நான்தான் தேதி போடவில்லை.

அதற்குப் பிறகு நேர மாற்றம் எதையும் நான் ஒரு வரியில் அறிவித்தது இல்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சூழ்நிலையை எடுத்து முழுவதுமாகச் சொல்கிறேன். பேட்ச் நேரமும் மாறுகிறது, அதே சமயத்தில் ஃபீஸ் கட்டும் தேதியும் மாறுகிறது. பிள்ளை சேர்ந்த தேதியை வைத்து ஆளுக்கொரு தேதியில் ஃபீஸ் வாங்கிக்கொண்டிருந்த சென்டர், எல்லோருக்கும் பொதுவாக மாதம் 5ஆம் தேதி என்று மாற்றுகிறது. சிக்கலெல்லாம் இடையில் வரும் அந்த ஒரு மாதத்தில்தான்.

உதாரணத்துக்கு எங்கள் சென்டரையே எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 46 பிள்ளைகள், மூன்று பேட்ச். எட்டாம் வகுப்பு திங்கள், புதன், வெள்ளி மாலை 5.00 முதல் 6.15 வரை. ஒன்பதாம் வகுப்பு அதே நாட்களில் 6.30 முதல் 7.45 வரை. பத்தாம் வகுப்பு செவ்வாய், வியாழன், சனி 5.30 முதல் 7.00 வரை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவரால் செப்டம்பரிலிருந்து சனிக்கிழமை வர முடியாது என்று ஆனது. அதனால் ஒன்பதும் பத்தும் நாட்களை மாற்றிக்கொண்டன. பத்தாம் வகுப்பு திங்கள், புதன், வெள்ளி 6.30 முதல் 8.00. ஒன்பதாம் வகுப்பு செவ்வாய், வியாழன், சனி 5.30 முதல் 6.45. எட்டாம் வகுப்பில் எதுவும் மாறவில்லை.

படி 1: முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி

மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் 1 அன்று, ஒன்பது மற்றும் பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் ஒரு கேள்வி அனுப்பினேன். "இந்த நேரம் உங்களுக்குச் சரியா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பாதிப்பேர் யோசிக்காமல் சரி என்பார்கள், மீதிப்பேர் பதிலே சொல்ல மாட்டார்கள். மாற்றம் வந்த பிறகுதான் "அன்றைக்குப் பாட்டு வகுப்பு இருக்கே" என்று போன் வரும். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் நான் கேட்டது இது:

> செவ்வாய், வியாழன், சனி மாலை 5.30 முதல் 6.45 வரை உங்கள் பிள்ளைக்கு வேறு வகுப்போ விளையாட்டுப் பயிற்சியோ இருந்தால், எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் 4ஆம் தேதிக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதினால் போதும். நேரம் இன்னும் முடிவாகவில்லை.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கேள்வியையே அறிவிப்பாக எடுத்துக்கொண்டு மறுநாளே பிள்ளையைப் புது நேரத்துக்கு அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு.

இதே சமயத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கையாகப் படிக்கிறவர்களை வட்டமிட வேண்டும். எங்களிடம் எட்டிலும் ஒன்பதிலும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மூன்று இருந்தன. பழைய நேரத்தில் அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் அலைச்சல். புது நேரத்தில் ஆறு நாள். மாற்றத்தின் முழுச் சுமையும் இறங்குவது இந்த மாதிரி வீடுகளில்தான். அந்த மூன்று வீடுகளுக்கும் பொது அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து நானே சொன்னேன். இரண்டு வீடுகள் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் ஆளுக்கொரு நாள் கூட்டிவருவதாகப் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு என்னால் வழி சொல்ல முடியவில்லை. அந்த அப்பா யோசித்துவிட்டுத் தம்பியை மட்டும் தொடர்ந்து அனுப்பினார். வருத்தம்தான். ஆனால் குரூப்பில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தியிருப்பார் என்று அவரே சொன்னார்.

படி 2: தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது

புது நேரம் திங்கட்கிழமை தொடங்கட்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வியாழக்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வாரம் பழைய கணக்கில் திங்கள், புதன் நடந்திருக்கும். புதுக் கணக்கில் வியாழன், சனி நடக்கும். மொத்தம் நான்கு. பத்தாம் வகுப்புக்குப் பழைய கணக்கில் செவ்வாய் மட்டும், புதுக் கணக்கில் வெள்ளி மட்டும். மொத்தம் இரண்டு. பத்தாம் வகுப்புப் பெற்றோர் ஒரு வகுப்பு போனது என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. திங்களில் தொடங்கினால் எல்லா பேட்சுக்கும் வாரம் மூன்று வகுப்பு சரியாக நிற்கும்.

எங்களுக்கு வசதியாக அந்த ஆண்டு செப்டம்பர் 1 திங்கட்கிழமையாகவே வந்தது. மாதம் பிறப்பதும் வாரம் பிறப்பதும் ஒன்றாக அமைந்தால் ஃபீஸ் கணக்கும் எளிது. அப்படி அமையாவிட்டால் மாதத்தின் முதல் திங்களைப் பிடியுங்கள்.

படி 3: ஃபீஸ் கணக்கை முதலில் போட்டுவைப்பது

நேர அறிவிப்பை அனுப்பும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். காரணம், அறிவிப்பு போன அரை மணி நேரத்தில் "அப்போ எங்க பீஸ் எப்போ கட்டணும்?" என்று முதல் கேள்வி வரும். அப்போது தடுமாறினால் தொகையும் ஏறப்போகிறது என்று பேச்சு கிளம்பிவிடும்.

எங்களிடம் 46 பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வெவ்வேறு தேதிகள் இருந்தன. எல்லோரும் முன்பணமாகக் கட்டுகிறவர்கள். அதாவது 18ஆம் தேதி கட்டினால் அடுத்த மாதம் 17 வரைக்கும். இவர்களை எல்லாம் "மாதம் பிறந்ததும் அந்த மாதத்துக்கு, 5ஆம் தேதிக்குள்" என்ற ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃபீஸ் அறிவிப்பை அனுப்பும் தேதிதான் பட்டியலை இரண்டாகப் பிரிக்கிறது. நாங்கள் ஆகஸ்ட் 14 அன்று அனுப்பினோம். அன்றைக்குள் ஆகஸ்ட் தவணையைக் கட்டிவிட்டவர்கள், அதாவது 2 முதல் 14 வரை தேதி உள்ளவர்கள், செப்டம்பரின் முதல் சில நாட்களுக்கும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு நாம் கழித்துக் கொடுக்க வேண்டும். 15ஆம் தேதியோ அதற்கு மேலோ உள்ளவர்கள் இனிமேல்தான் கட்டப்போகிறார்கள். அவர்களிடம் ஆகஸ்ட் 31 வரைக்கான குறைந்த தொகையை மட்டும் வாங்க வேண்டும். 1ஆம் தேதிக்காரர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

எத்தனை நாள் என்று எண்ணாமல் எத்தனை வகுப்பு என்று எண்ணுங்கள். பெற்றோர் காசு கொடுப்பது வகுப்புக்கு. எங்கள் அடிப்படை, மாதம் 12 வகுப்பு. சில மாதங்களில் 13 வரும். அந்தச் செப்டம்பரில் திங்கள் ஐந்து முறை வந்ததால் பத்தாம் வகுப்புக்கு 13 ஆனது. அதற்குக் கூடுதலாக வாங்குவதில்லை. ஆனால் ஒரு வகுப்பின் மதிப்பைக் கணக்கிட எப்போதும் 12ஆல்தான் வகுப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒருவர் 13ஆல் வகுப்பார், ஒருவர் 12ஆல் வகுப்பார்.

மூன்று பேரின் கணக்கைப் பாருங்கள். மூவரும் ஒன்பதாம் வகுப்பு.

முதலாமவர் 18ஆம் தேதிக்காரர். ஜூலை 18 அன்று கட்டியது ஆகஸ்ட் 17 வரை. அதன் பிறகு ஆகஸ்ட் முடியும்வரை பழைய நாட்களில் வகுப்பு: 18, 20, 22, 25, 27, 29. மொத்தம் ஆறு. 12இல் ஆறு என்றால் அரைப்பங்கு. ஆகஸ்ட் 18 அன்று அரைப்பங்கு, செப்டம்பர் 5க்குள் செப்டம்பருக்கான முழுப்பங்கு.

இரண்டாமவர் 8ஆம் தேதிக்காரர். ஆகஸ்ட் 8 அன்று முழுப்பங்கு கட்டிவிட்டார். அது செப்டம்பர் 7 வரை செல்லும். செப்டம்பரில் புது நாட்கள் என்பதால் இங்கே புது அட்டவணையை வைத்து எண்ண வேண்டும்: 2, 4, 6. மூன்று வகுப்புக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆகவே செப்டம்பருக்கு முக்கால் பங்கு போதும். அக்டோபரிலிருந்து முழுப்பங்கு.

மூன்றாமவர் 27ஆம் தேதிக்காரர். ஆகஸ்டில் மிச்சம் இருப்பது 27, 29 என்று இரண்டே வகுப்பு. இதை நாங்கள் வாங்கவில்லை. இரண்டு வகுப்போ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிடுவது என்று எல்லோருக்கும் ஒரே விதியாக வைத்தோம். ஆளைப் பார்த்து விட்டுக்கொடுத்தால் அது வாசலில் நின்று பேசும் பெற்றோரிடம் அன்றே பரவிவிடும்.

ஆகஸ்ட் தேதிகளுக்குப் பழைய அட்டவணை, செப்டம்பர் தேதிகளுக்குப் புது அட்டவணை. இதைக் கலந்துவிட்டால்தான் தப்பு வரும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் வைத்திருந்தால் விரல்விட்டு எண்ணத் தேவையில்லை. C2இல் தொடக்கத் தேதி, D2இல் முடிவுத் தேதி போட்டுவிட்டு இந்த வரியை எழுதுங்கள்:

```
=NETWORKDAYS.INTL(C2,D2,"0101011")
```

மேற்கோளுக்குள் இருக்கும் ஏழு எண்களும் திங்கள் முதல் ஞாயிறு வரையான ஏழு நாட்கள். 0 என்றால் வகுப்பு உண்டு, 1 என்றால் இல்லை. மேலே இருப்பது திங்கள், புதன், வெள்ளிக்கு. செவ்வாய், வியாழன், சனிக்கு `"1010101"` என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தேதிகளையும் சேர்த்தே எண்ணும். நடுவில் விடுமுறை விட்டிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம். முதலாமவரின் தேதிகளைப் போட்டுப் பாருங்கள், 6 வந்தால் வரி சரியாக இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: பெயர், பேட்ச், பழைய தேதி, எதுவரை கட்டியிருக்கிறார், ஆகஸ்டில் வாங்க வேண்டியது, செப்டம்பரில் வாங்க வேண்டியது. அந்தக் கடைசி இரண்டு கட்டங்கள் நிரம்பிய பிறகுதான் நான் போனையே கையில் எடுத்தேன்.

படி 4: நேர அறிவிப்பு

நேரத்தையும் ஃபீஸ் தேதியையும் ஒரே செய்தியில் அனுப்பாதீர்கள். நான் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். நேரம் என்பது பேட்ச் முழுவதற்கும் ஒன்று. ஃபீஸ் கணக்கு ஆளுக்கொன்று. இரண்டையும் சேர்த்தால் செய்தி நீளமாகிவிடும், படிக்கிறவர் தன்னுடைய வரியைத் தேடி அலுத்துவிடுவார். அதோடு நேரத்தைப் பற்றிய கேள்விகளும் பணத்தைப் பற்றிய கேள்விகளும் ஒரே இடத்தில் விழும். நேர அறிவிப்பு ஆகஸ்ட் 11, ஃபீஸ் அறிவிப்பு 14. இடையில் மூன்று நாள்.

பேட்சுக்கு ஒரு செய்தி. முழு அட்டவணையையும் படமாகப் போட்டு "உங்கள் பேட்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால், சிறிய திரையில் பக்கத்து வரியைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போனது இது:

> ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம்.
>
> செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பின் நாளும் நேரமும் மாறுகின்றன.
>
> இப்போது: திங்கள், புதன், வெள்ளி மாலை 6.30 முதல் 7.45 வரை.
> இனிமேல்: செவ்வாய், வியாழன், சனி மாலை 5.30 முதல் 6.45 வரை.
>
> பழைய நேரத்தில் கடைசி வகுப்பு: ஆகஸ்ட் 29, வெள்ளி.
> புது நேரத்தில் முதல் வகுப்பு: செப்டம்பர் 2, செவ்வாய்.
> செப்டம்பர் 1, திங்கள் அன்று ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பு இல்லை.
>
> காரணம்: பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரால் சனிக்கிழமை வர இயலாததால் இரண்டு பேட்சும் நாட்களை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அதே ஆசிரியர்கள், வாரம் அதே மூன்று வகுப்பு.
>
> கட்டணத் தொகையில் மாற்றம் இல்லை. கட்டும் தேதியில் ஒரு மாற்றம் இருக்கிறது, அதை ஒவ்வொருவருக்கும் தனியாக 14ஆம் தேதி எழுதுகிறேன்.
>
> படித்ததும் பிள்ளையின் பெயரையும், புது நேரத்தில் முதல் வகுப்பு எந்த நாள் என்பதையும் எனக்குத் தனிச் செய்தியாக எழுதுங்கள்.

இந்தச் செய்தியில் நான் ரொம்ப நம்புவது நடுவில் இருக்கும் மூன்று வரிகளை. கடைசிப் பழைய வகுப்பு, முதல் புது வகுப்பு, இடையில் இல்லாத வகுப்பு. மூன்றுக்கும் தேதியும் கிழமையும் சேர்த்தே போட வேண்டும். தேதியில் எழுத்துப்பிழை வந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி வரியும் முக்கியம். குரூப்பில் கட்டைவிரல் போடுவது படித்ததற்குச் சாட்சி இல்லை. முன்னால் நாலு பேர் போட்டிருந்தால் ஐந்தாமவரும் போடுவார். பதிலில் கிழமையை எழுதச் சொன்னால் யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த பதில்களில் ஒன்று: "மகள் பெயர்... திங்கள் 1ஆம் தேதி வந்துவிடுவாள் சார்." அந்த அம்மா செய்தியைப் படித்திருக்கிறார், ஆனால் "செப்டம்பர் 1 முதல்" என்ற முதல் வரியோடு நின்றுவிட்டார். அன்றே போன் செய்து சரிசெய்ய முடிந்தது. வெறும் கட்டைவிரல் வந்திருந்தால் அந்தப் பிள்ளை திங்களன்று வாசலுக்கு வந்து நின்றிருக்கும்.

எட்டாம் வகுப்புக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: "ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் நேரம் செப்டம்பரில் மாறுகிறது. எட்டாம் வகுப்புக்கு நாளும் நேரமும் அப்படியே இருக்கும்." மாற்றம் இல்லாதவர்களுக்கு எதற்குச் செய்தி என்று தோன்றும். வாசலில் காதில் விழுந்த பாதிச் செய்தியை வைத்து அவர்கள் குழம்புவார்கள், அதற்காகத்தான்.

எப்படி அனுப்புவது என்பதில் இரண்டு விஷயம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். சேமிக்காதவர்களுக்கு எதுவும் வராது, அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் பேட்ச் குரூப்தான் பாதுகாப்பு. குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிட்டு, செய்தியைப் பின் செய்துவையுங்கள். முப்பது நாள் வரை மேலேயே நிற்கும். இன்னொன்று, அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்கு மேல் பிழை கண்ணில் பட்டால் "மன்னிக்கவும், 5.30தான் சரி" என்று கீழே ஒரு வரி போடாதீர்கள். பழைய செய்தியை எல்லோருக்கும் அழித்துவிட்டு, "திருத்திய அறிவிப்பு" என்று முதல் வரியில் எழுதி முழுவதையும் மறுபடி அனுப்புங்கள். மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம் இருந்தால் ஒருவர் மேலே இருப்பதை மட்டும் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்புவார்.

எங்களிடம் நான்கு வீடுகளில் பிள்ளையைக் கூட்டிவருவது தாத்தா அல்லது பாட்டி. போன் இருப்பது அப்பாவிடம். அந்த வீடுகளுக்கு அதே செய்தியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கூட்டிப்போக வந்தவர் கையிலேயே கொடுத்து வாயாலும் சொன்னோம்.

படி 5: ஃபீஸ் தேதி அறிவிப்பு

இது ஒவ்வொருவருக்கும் தனியாக. யார் எவ்வளவு கட்ட வேண்டும், யாருக்கு எவ்வளவு கழிகிறது என்பது ஒருபோதும் குரூப்பில் வரக்கூடாது. 46 செய்திகள் என்றால் மலைப்பாக இருக்கும். பட்டியல் தயாராக இருந்தால் மூன்று மாதிரிகள் போதும், தொகையையும் தேதியையும் மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம். எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

18ஆம் தேதிக்காரருக்குப் போனது:

> வணக்கம். செப்டம்பரிலிருந்து எல்லோருக்கும் கட்டணத் தேதி ஒன்றே: மாதம் 5ஆம் தேதிக்குள் அந்த மாதத்துக்கான கட்டணம். மாதத் தொகை மாறவில்லை.
>
> நீங்கள் ஜூலை 18 அன்று கட்டியது ஆகஸ்ட் 17 வரை. ஆகஸ்டில் மீதி ஆறு வகுப்புகள் (18, 20, 22, 25, 27, 29). மாதத்துக்கு 12 வகுப்பு என்ற கணக்கில் அதற்கு அரை மாதக் கட்டணம்.
>
> ஆகஸ்ட் 18: அரை மாதக் கட்டணம்.
> செப்டம்பர் 5க்குள்: செப்டம்பருக்கான முழுக் கட்டணம்.
> அக்டோபரிலிருந்து: மாதம் 5ஆம் தேதிக்குள் முழுக் கட்டணம்.
>
> இரண்டும் அடுத்தடுத்து வருவது சிரமமாக இருந்தால், அந்த அரையை இரண்டாகப் பிரித்து அக்டோபர், நவம்பர் கட்டணத்தோடு கட்டலாம். எது வசதி என்று மட்டும் சொல்லுங்கள்.

அரை, முழு என்று இங்கே எழுதியிருக்கும் இடங்களில் உங்கள் தொகையை எண்ணாகவே போடுங்கள். பெற்றோரைக் கணக்குப் போட வைக்க வேண்டாம்.

கடைசிப் பத்தி இல்லாமல் இந்தச் செய்தியை அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காகிதத்தில் கணக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டிலிருந்து பதினெட்டு நாள் இடைவெளியில் ஒன்றரை மாதக் கட்டணம் வெளியே போகிறது. "ஒரே மாதத்தில் ரெண்டு தடவை கேட்கிறாங்க" என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். நாமே முதலில் அதைச் சொல்லி, பிரித்துக் கட்டும் வழியையும் கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எங்களிடம் சிலர்தான் பிரித்துக் கேட்டார்கள், பலர் அப்படியே கட்டினார்கள். கேட்டவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

8ஆம் தேதிக்காரருக்கு எழுதும்போது கழிவை முதலில் சொல்லுங்கள்: "நீங்கள் ஆகஸ்ட் 8 அன்று கட்டியதில் செப்டம்பரின் மூன்று வகுப்புகளும் (2, 4, 6) அடங்கும். ஆகவே செப்டம்பர் 5க்குள் முக்கால் பங்கு கட்டினால் போதும்." இவர்கள்தான் பலர் மறந்துவிடும் கூட்டம். புதுத் தேதி வந்ததும் எல்லோரிடமும் முழுத்தொகை வாங்கிவிட்டால், இவர்களிடம் மூன்று வகுப்புக்கு இரண்டாம் முறை வாங்கியதாகிவிடும். யாரும் கவனிக்காமல் போகலாம். ஆனால் கவனித்த ஒருவர் கேட்டால், அதற்குப் பிறகு நம் கணக்கு எதையும் அவர் நம்ப மாட்டார்.

"கட்ட வேண்டிய நாள்", "கடைசி நாள்", "சலுகை நாள்" என்று மூன்று தேதி கொடுக்காதீர்கள். மூன்று கொடுத்தால் மனதில் நிற்பது கடைசித் தேதி மட்டும்தான். 5ஆம் தேதிக்குள் என்று ஒன்றே ஒன்று. அது வகுப்பில்லாத நாளில் வந்தால் அடுத்த வகுப்பு நாளில் கட்டலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 5 என்று முடிவு செய்யும் முன் சம்பளம் எப்போது வருகிறது என்று சிலரிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் 7ஆம் தேதிதான் கைக்கு வருகிறது என்றால் 10 என்று வைப்பதே மேல்.

படி 6: மாறும் வாரம்

ஆகஸ்ட் 20 அன்று பதில் வராதவர்களின் பட்டியலை எடுத்தேன். ஏழு பேர். மறுபடி செய்தி அனுப்பவில்லை, ஏழு பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் எண்ணே மாற்றியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 29, 30 தேதிகளில், பழைய நேரத்தின் கடைசி வகுப்பு முடியும்போது, பிள்ளைகளையே நோட்டில் அடுத்த வகுப்பின் தேதி, கிழமை, நேரத்தை எழுதவைத்தோம். ஞாயிறு மாலை குரூப்பில் ஒரு சிறு நினைவூட்டல்: ஒன்பதாம் வகுப்புக்கு "நாளை வகுப்பு இல்லை, செவ்வாய் 5.30", பத்தாம் வகுப்புக்கு "நாளை 6.30க்கு வகுப்பு உண்டு."

இவ்வளவு செய்த பிறகும் முதல் வாரம் யாராவது பழைய நேரத்துக்கு வருவார்கள். அதனால் அந்த வாரம் முழுவதும் பழைய நேரங்களில் வாசலில் ஒரு பெரியவர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். திங்கள் 6.30க்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அப்பா பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே உட்காரவைத்து, வீட்டுப்பாடத்தை எடுக்கச் சொல்லி, அப்பாவுக்குப் போன் செய்தோம். அவர் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். அந்தப் பெண்ணிடம் "சொன்னோமே, கவனிக்கலையா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

படி 7: முதல் தவணை

செப்டம்பர் 3 அன்று குரூப்பில் ஒரு பொதுவான வரி போட்டேன், யார் பெயரும் இல்லாமல்: "செப்டம்பர் கட்டணம் வரும் 5ஆம் தேதி, வெள்ளிக்குள்." 8ஆம் தேதி, கட்டாதவர்களுக்குத் தனியாக: "செப்டம்பர் கட்டணம் இன்னும் எங்கள் கணக்கில் வரவில்லை. கட்டியிருந்தால் எந்தத் தேதி என்று சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன்." இப்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்லைனில் அனுப்புகிறவர்கள் பிள்ளையின் பெயரைக் குறிப்பிடாமல் தாத்தா கணக்கிலிருந்தோ மாமா கணக்கிலிருந்தோ அனுப்பியிருப்பார்கள். "நீங்கள் இன்னும் கட்டவில்லை" என்று எழுதிவிட்டுப் பிறகு பணம் ஏற்கெனவே வந்திருப்பதைக் கண்டுபிடித்தால் அந்தச் சங்கடம் நம்முடையது. பிள்ளையிடம் ஃபீஸைப் பற்றி வகுப்பில் பேசவே கூடாது. அது பெரியவர்களுக்கு இடையிலான விஷயம்.

ரசீதில் பணம் வாங்கிய தேதியை மட்டும் எழுதினால் போதாது. "செப்டம்பர் 1 முதல் 30 வரை" என்று எந்தக் காலத்துக்கு என்பதை எழுதுங்கள். அரைப்பங்கு வாங்கியவர்களுக்கு "ஆகஸ்ட் 18 முதல் 31 வரை, ஆறு வகுப்பு" என்று தனி ரசீது. அக்டோபரில் ஒருவர் "நான் ஆகஸ்டிலேயே செப்டம்பருக்குக் கட்டிவிட்டேனே" என்று வந்தார். அவர் கையில் இருந்த ரசீதையே சேர்ந்து படித்தோம். ஆறு வகுப்பு என்ற வரியைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

சுவரில் ஒட்டியிருந்த பழைய அட்டவணையை ஆகஸ்ட் 30 இரவே கிழித்துவிட்டோம். போனில் 18ஆம் தேதி, 27ஆம் தேதி என்று வைத்திருந்த பழைய ஃபீஸ் நினைவூட்டல்களை மட்டும் அழிக்க மறந்துவிட்டேன். செப்டம்பர் 18 காலை அது அடித்தது. பழக்கதோஷத்தில் நான் செய்தி அனுப்பத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. உங்கள் பட்டியலில் அதையும் ஒரு வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: பழைய நினைவூட்டல்களை ஆகஸ்ட் 31க்குள் அழிக்கவும்.